பழைய ஐபிசி தொட்டியில் மழைநீர்: முதல் நீரை விலக்கும் குழாயும் வழிந்தோடும் குழாயும்

கல்யாணி_சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் தாமான் ஒன்றின் மூலையில் இருக்கும் ஒரு மாடி வீடு எங்களுடையது. பின்பக்கக் கூரை வர்ணம் பூசிய இரும்புத் தகடு. அதன் கீழே ஏறக்குறைய 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட இடம் இருக்கிறது. இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் 1,000 லிட்டர் வெள்ளை ஐபிசி தொட்டி ஒன்றை என் கணவர் வாங்கி வந்துவிட்டார். சமையல் எண்ணெய் ஆலையில் கிளிசரின் வைத்திருந்த தொட்டி என்று அதன் மேல் ஒட்டிய தாளில் எழுதியிருக்கிறது. கழிப்பறைக்கும், வாசல் கழுவுவதற்கும், பூச்சட்டிகளுக்கும் மட்டுமே இந்த நீர் தேவை. குடிக்கவோ சமைக்கவோ எண்ணமில்லை. கட்டரிலிருந்து இறங்கும் குழாயை நேராகத் தொட்டியின் வாயில் விட்டுவிட்டால் போதுமா, இடையில் வேறு ஏதேனும் வேண்டுமா என்பதே என் கேள்வி. கூரையில் மைனாக்கள் கூட்டமாக உட்காரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செம்பனை_மணி

வணக்கம் அக்கா. நேராக விடக் கூடாது. முதல் மழை அழுக்கு, ஆகவே முதல் அரை மணி நேர மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகுதான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, கூரையின் பரப்பைக் கணக்கிடும்போது கீழே இருக்கும் தரையை அளக்காதீர்கள். சாய்ந்திருக்கும் தகட்டின் மேல் நாடா வைத்து அளந்தால் 36 அன்று, 40 சதுர மீட்டருக்கு மேல் வரும். அதற்கேற்பப் பெரிய தொட்டியாக வைக்கலாம். என் வீட்டில் குழாயின் நடுவில் ஒரு வால்வு வைத்திருக்கிறேன். மழை வந்ததும் திருப்பி வெளியே விடுவேன், பிறகு மூடிவிடுவேன்.

பட்டறை_இராமு

கல்யாணி அம்மா, மணி தம்பி சொன்னதில் பாதி சரி. முதல் நீரை விலக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை நேரத்தால் அளக்கக் கூடாது, அளவால் அளக்க வேண்டும். நம் ஊரில் மாலை மழை வலுத்தால் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். உங்கள் 36 சதுர மீட்டரில் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 60 லிட்டர் இறங்கும். அரை மணி நேரத்தில் 1,800 லிட்டர். உங்கள் தொட்டி ஏறக்குறைய இரண்டு முறை நிறையும் அளவு நீரைக் கால்வாயில் விட்டுவிட்டு, மழை ஓய்ந்தபின் வால்வைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தூறல் மழையில் இதற்கு நேர்மாறு நடக்கும்: அரை மணி நேரமாகியும் கூரை கழுவப்பட்டிருக்காது. மேலும், வேலைக்குப் போயிருக்கும் வேளையில் மழை வந்தால் வால்வைத் திருப்ப ஆள் இருக்காது.

பரப்பையும் நீங்கள் அளந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். மழை மேலிருந்து விழுவதால் கூரை எத்தனை சாய்வாக இருந்தாலும் அது மூடியிருக்கும் தரையளவுதான் பிடிக்கும். ஆகவே 36 என்பது சரி.

எவ்வளவு நீரை விலக்குவது? வடிகால், நீர்ப்பாசனத் துறையின் எம்எஸ்எம்ஏ என்னும் நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடு 100 சதுர மீட்டருக்குக் குறைந்த கூரைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை என்கிறது. உங்கள் கூரை சிறியது, ஆனால் மைனா இருக்கிறது. ஆகவே 30 லிட்டர் என்று நான் வைப்பேன். அந்த 30 லிட்டரைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு நிமிர்ந்த குழாய்தான் உங்களுக்கு வேண்டியது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
 ______1______
              \
              [2]
               |
               3
               |
              | |_________4______
              | |______________  |
              | |             |  |
              |6|          ___|5 |___
              | |         |          |__
              | |         |~~~~~~~~~~|_7
              | |         |          | |
              | |         |    8     | |
              | |         |          | |
              | |         |          9 |
              |_|        10__________| |
              =11         ##########   v
               .          ##########
```

1 கூரை. 2 கட்டர். 3 இறங்கு குழாய். 4 தொட்டிக்குப் போகும் குறுக்குக் குழாய், தொட்டியை நோக்கிச் சற்றே சாய்வாக. 5 தொட்டி வாயிலுள்ள வலை. 6 முதல் நீரைப் பிடிக்கும் நிமிர்ந்த குழாய். 7 வழிந்தோடும் குழாய். 8 தொட்டி. 9 பயன்பாட்டுக் குழாய். 10 அடியிலுள்ள வால்வு. 11 திருகு மூடி. அடியில் இருப்பது சிமெண்ட் மேடை.

மழை தொடங்கியதும் நீர் முதலில் 6-ஆம் எண்ணுள்ள குழாய்க்குள் இறங்கும், ஏனெனில் அதுவே தாழ்வான இடம். எச்சமும் தூசியும் அதிலேயே அடைபடும். அது நிரம்பியபின் வரும் நீருக்கு இடமில்லாததால் பக்கவாட்டில் 4-இன் வழியாகத் தொட்டிக்குப் போகும். யாரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை.

கல்யாணி_சிப்புட்

மிக்க நன்றி ஐயா. படம் தெளிவாக இருக்கிறது. 30 லிட்டர் பிடிக்கும் குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? கட்டருக்குக் கீழே தரை வரை 2.7 மீட்டர் இருக்கிறது.

பட்டறை_இராமு

6 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 17.7 லிட்டர் பிடிக்கும். 1.7 மீட்டர் நீளம் வைத்தால் 30 லிட்டர். இதே அளவுக்கு 4 அங்குலக் குழாயில் ஏறக்குறைய 4 மீட்டர் வேண்டும், உங்களிடம் அந்த உயரம் இல்லை. தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் மூடி, அங்கிருந்து 1.7 மீட்டர் மேலே, அதாவது 2.1 மீட்டரில் டீ வைத்துக் குறுக்குக் குழாயை எடுங்கள். ஐபிசி தொட்டியின் உயரம் ஏறக்குறைய 1.16 மீட்டர். 40 சென்டிமீட்டர் மேடை மேல் வைத்தால் தொட்டியின் வாய் 1.56 மீட்டரில் வரும். ஆகவே குறுக்குக் குழாய் தாராளமாகச் சாய்ந்து இறங்கும்.

பொருள்கள் அதிகமில்லை. 6 அங்குலப் பிவிசி குழாய் 2 மீட்டர், அதன் அடிக்குத் திருகு மூடியுடன் கூடிய முனை, 6-இலிருந்து 4 அங்குலத்துக்கு ஒரு ரெடியூசர், 4 அங்குல டீ ஒன்று, எல்போ மூன்று, 4 அங்குலக் குழாய் 6 மீட்டர் ஒரு துண்டு, சுவரில் பிடிக்க நான்கு இரும்புப் பட்டைகள், துருப்பிடிக்காத கம்பி வலை ஒரு சதுர அடி, முக்கால் அங்குலக் குழாய் ஒன்று, ரப்பர் வளையத்துடன் கூடிய தொட்டி இணைப்பி இரண்டு, பைப் பசை. ஹார்ட்வேர் கடைகளில் 6 அங்குலத் திருகு மூடி எப்போதும் இருக்காது, முதலில் அதைத் தேடிப் பிடித்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். திருகு இல்லாமல் பசையால் ஒட்டும் வகையான சாதாரண மூடியை வாங்கிவிடாதீர்கள், அதைத் திறந்து கழுவ முடியாது.

பத்துகாஜா_தேவி

இராமு அண்ணா, எனக்கும் இதே வேலைதான். எங்கள் தோட்டத்து வீட்டுக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, கருத்துப்போய் ஓரங்கள் உதிர்கின்றன. இதே குழாயை வைத்துவிட்டால் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அந்த நீரை இணைக்கலாம் அல்லவா? தொட்டியைத் தரையில்தான் வைப்பேன்.

பட்டறை_இராமு

தேவி, உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

இயந்திரம் முதலில். ஒரு மீட்டர் உயர நீர் 0.1 பார் அழுத்தம் மட்டுமே தரும். தொட்டி தரையில் இருந்தால் இயந்திரத்தின் உள்ளே இருக்கும் வால்வுக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது. மிக மெதுவாக நிறையும் அல்லது நிறையாமல் நின்றுவிடும். சிறு பம்பு வைக்க வேண்டும், அல்லது வாளியால் ஊற்ற வேண்டும். எந்த நிலையிலும் மழைநீர்க் குழாயைக் குழாய்நீர் இணைப்போடு ஒரே குழாயில் சேர்க்காதீர்கள். ஊரில் அழுத்தம் குறையும் நாளில் தொட்டி நீர் பொதுக் குழாய்க்குள் திரும்பிப் போகக்கூடும்.

கூரை இரண்டாவது. உதிரும் ஆஸ்பெஸ்டாஸை வாட்டர்ஜெட் கொண்டோ தூரிகை கொண்டோ தேய்த்துக் கழுவ வேண்டாம், அதில் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம். ஆபத்து முக்கியமாக மூச்சில் போகும் தூசியில்தான். கழிப்பறையில் ஊற்றுவதற்கு நான் அஞ்ச மாட்டேன். ஆனால் துணியில் அந்த நீரைப் பயன்படுத்தினால் இழைகள் காய்ந்த துணியிலிருந்து எழுமா என்பதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. கூரையை மாற்றும் வரை துணிக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

பத்துகாஜா_தேவி

எங்கள் பக்கத்து லயத்தில் அதே கூரை நீரில் பல ஆண்டுகளாகத் துவைக்கிறார்கள் அண்ணா. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் யோசிக்கிறேன்.

செம்பனை_மணி

இராமு அண்ணன் படத்தில் ஒரு குறை இருக்கிறது. அந்த 6 அங்குலக் குழாய் ஒருமுறை நிறைந்துவிட்டால் அடுத்த மழையில் அது ஏற்கெனவே நிறைந்திருக்குமே? அப்போது இரண்டாம் நாள் அழுக்கு நேராகத் தொட்டிக்குத்தானே போகும்? மூடியின் அருகே ஒரு புள்ளி வரைந்திருக்கிறீர்கள். அது துளை என்றால் மழை பெய்யும்போதெல்லாம் நீர் ஒழுகி வீணாகும். அதை அடைத்துவிட்டு வாரம் ஒருமுறை திறந்து விடுவதே நல்லது.

பட்டறை_இராமு

நல்ல கேள்வி கேட்டாய் தம்பி. அந்தத் துளைதான் இந்த அமைப்பின் உயிர். அதை அடைத்துவிட்டால் நீ முதல் பாதியில் சொன்ன அதே சிக்கல் வந்துவிடும். ஏறக்குறைய அன்றாடம் மழை பெய்யும் மாதங்களில் வாரம் ஒருமுறை திறந்தால், திறந்த நாளில் வரும் மழைக்கு மட்டுமே குழாய் வேலை செய்யும்.

வீணாகும் நீர் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 2 மில்லிமீட்டர் துளை, மேலே 1.7 மீட்டர் நீர். அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.65 லிட்டர் ஒழுகும். வலுத்த மழையில் வரும் 60 லிட்டரோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒன்று. தூறலில் பங்கு கூடும், ஆனால் தூறலில் எப்படியும் பெரிதாகச் சேராது. மழை நின்றபின் நீர்மட்டம் இறங்க இறங்க ஒழுக்கும் குறையும். குழாய் முழுவதும் வடிய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். மறுநாள் மழைக்கு அது காலியாகக் காத்திருக்கும். 5 மில்லிமீட்டர் துளை போட்டால் ஒழுக்கு ஆறு மடங்காகும், அப்போதுதான் உன் குறை நியாயமாகும்.

உண்மையான ஆபத்து வேறு: துளை அடைத்துக்கொள்ளும். இலைத்துகளும் எச்சமும் 2 மில்லிமீட்டர் துளையை எளிதில் மூடிவிடும். அதனால் துளையை மூடியின் அடியில் போடாமல், குழாயின் பக்கத்தில் 5 சென்டிமீட்டர் மேலே போட வேண்டும். சேறு கீழே தங்கும், துளைக்கு மேலிருந்து தெளிந்த நீர் போகும். அடி முனை இப்படி இருக்கும்:

```
   |           |
   |     1     |
   |           |
   |~~~~~~~~~~~|o  2
   |     3     |
   |===========|
   |_____4_____|
```

1 நிமிர்ந்த குழாய். 2 பக்கத்துத் துளை. 3 சேறு தங்கும் 5 சென்டிமீட்டர். 4 திருகு மூடி. துளை அடைத்திருக்கிறதா என்று அறிய ஒரு வழி: மழை நின்று இரண்டு மணி நேரம் கழித்துக் குழாயை விரலால் தட்டுங்கள். மேல்பகுதி வெற்றொலி எழுப்பினால் வடிந்திருக்கிறது. தட்டும் இடமெல்லாம் கனத்த ஒலியாக இருந்தால் குழாய் நிறைந்தே நிற்கிறது, மூடியைத் திறக்க வேண்டிய நேரம்.

லோகன்_பூச்சி

நான் கொசு ஒழிப்புப் பணியில் இருந்தவன், ஆகவே அந்த 5 சென்டிமீட்டரைப் பார்த்ததும் எழுத வந்தேன். 6 அங்குலக் குழாயில் அவ்வளவு ஆழம் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது தாராளம். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி உங்கள் வளாகத்தில் புழு கண்டால் 500 வெள்ளி வரை கம்பவுண்ட் அபராதம் விதிக்கலாம், நீதிமன்றம் போனால் அதற்கு மேலும் ஆகும். தொட்டியின் வாயில் வலை போடுகிறீர்கள், ஆனால் பெரும்பாலோர் மறந்துவிடும் இடம் வழிந்தோடும் குழாயின் வெளிமுனை. கொசு அதன் வழியே ஏறித் தொட்டிக்குள் போய்விடும். அங்கும் வலை வேண்டும், கொசுவலையைப் போன்று நுண்ணியதாக.

பட்டறை_இராமு

லோகன் சொல்வது சரியானதே. ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக மாற இந்த வெப்பத்தில் ஒரு வாரத்துக்கும் சற்று அதிகம் ஆகும். வாரம் ஒருமுறை திருகு மூடியைத் திறந்து சேற்றையும் நீரையும் வெளியேற்றிவிட்டால் அந்தச் சுழற்சி முடிவதற்குள் அறுந்துவிடும். மூடியைத் திறப்பதற்கு இரண்டு காரணங்கள் இருப்பதால் ஒரு கிழமையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணி_சிப்புட்

வாரம் ஒருமுறை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துவிடலாம். வழிந்தோடும் குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. என் கணவர் ஒரு அங்குலக் குழாய் போதும் என்கிறார், ஏனெனில் அதற்கான துளை ஏற்கெனவே இருக்கிறது.

பட்டறை_இராமு

அதைச் செய்ய விடாதீர்கள் அம்மா. நிறைந்த தொட்டிக்குள் நிமிடத்துக்கு 60 லிட்டர் நுழையும்போது அதே 60 லிட்டர் வெளியேற வேண்டும். ஒரு அங்குலத் துளைக்கு மேலே 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 18 லிட்டர் மட்டுமே வெளியேற்றும். மீதமுள்ள 40 லிட்டருக்கு மேற்பட்ட நீர் மூடியின் விளிம்பு வழியே பொங்கி, தொட்டியின் அடியிலுள்ள மண்ணை அரிக்கும். நிறைந்த தொட்டி ஒரு டன்னுக்கு மேல் எடை. மேடையின் ஒரு மூலையின் கீழே மண் போய்விட்டால் தொட்டி சாயத் தொடங்கும். மூடியின் கீழே கூண்டின் கம்பிகளில் சேற்று வரிகள் தெரிந்தால், அல்லது மேடையோரத்தில் மண் பள்ளமானால், வழிந்தோடும் குழாய் போதவில்லை என்று பொருள்.

நுழையும் குழாய் 4 அங்குலம் என்றால் வழியும் குழாயும் 4 அங்குலமே. தொட்டியின் மேல்விளிம்புக்குக் கீழே கம்பிகளுக்கு இடையில் துளை போட்டு ரப்பர் வளைய இணைப்பி வையுங்கள். இதனால் மேலே சுமார் 100 லிட்டர் கொள்ளளவு போய்விடும், அதற்கு வருந்த வேண்டாம். லோகன் சொன்ன வலையை வெளிமுனையில் போடும்போது முனையைச் சற்றுப் பெரிதாக்கி வலையை விரித்துக் கட்டுங்கள். நுண்வலை நீரின் வேகத்தைக் குறைக்கும். குழாயைக் கொண்டுபோய் வீட்டுக் கால்வாயில் விடுங்கள், பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கி அன்று.

வேலையின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மேடை: மண்ணை இறுக இடித்து, 10 சென்டிமீட்டர் தடிமனில் கம்பி வலையுடன் சிமெண்ட் போட்டு, அதன் மேல் கட்டையால் உயர்த்தாமல் செங்கல்லால் சமமாக எழுப்புங்கள். செப்டிக் தொட்டியின் மேல் மட்டும் கட்டிவிடாதீர்கள். சிமெண்ட் ஒரு வாரம் இறுகட்டும். அடுத்து, தொட்டியைப் பலமுறை கழுவுங்கள். கிளிசரின் என்பதால் நீரிலேயே கரைந்துவிடும். பிறகு கறுப்பு வர்ணம் பூசுங்கள் அல்லது கறுப்புக் கான்வாஸ் போர்த்துங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒளி புகுந்தால் சில வாரங்களில் பாசி பிடித்துவிடும். அதன் பிறகு வழிந்தோடும் குழாய், பயன்பாட்டுக் குழாய் இரண்டும். ஐபிசியில் ஏற்கெனவே இருக்கும் வால்வு தரையோடு ஒட்டியிருப்பதால் அடிச்சேற்றை இழுக்கும். அதைக் கழுவி விட மட்டும் வைத்துக்கொண்டு, பயன்பாட்டுக் குழாயை அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே வையுங்கள். நிமிர்ந்த குழாயைக் கடைசியில் பொருத்தலாம். நிறைந்தால் அதுவே 30 கிலோ, ஆகவே கட்டரில் தொங்கவிடாமல் சுவரில் பட்டைகளால் பிடியுங்கள். எல்லாம் ஒட்டியபின் மறுநாள் தோட்டக்குழாயால் கட்டரில் நீர் விட்டு, நிமிர்ந்த குழாய் நிறைந்த பிறகே தொட்டிக்கு நீர் போகிறதா என்று பாருங்கள்.

செம்பனை_மணி

சரி அண்ணா, துளையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடையில் விற்கும் அமைப்புகளில் நிமிர்ந்த குழாய்க்குள் ஒரு பந்து மிதக்கிறதே. குழாய் நிறைந்ததும் பந்து மேலே வந்து வாயை அடைக்கும், அழுக்கு நீர் மீண்டும் கலக்காது. அதை ஏன் சொல்லவில்லை?

பட்டறை_இராமு

பந்து இல்லாமலும் கலப்பது குறைவு என்பது என் கருத்து. நிறைந்த குழாயின் மேல்முனையை நீர் உரசிக்கொண்டு போகும், அடியிலுள்ள சேறு எழாது. பந்து சற்றே உருண்டை குறைந்தால் ரெடியூசரில் சிக்கி, குழாய் வடிந்த பின்னும் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது முதல் நீர் முழுவதும் தொட்டிக்குப் போகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

லோகன்_பூச்சி

நான் பந்தின் பக்கம். அது மேல்வாயை மூடிவிட்டால் கொசுவுக்கு ஒரு வழி அடைபடும்.

பட்டறை_இராமு

வாய் மூடுவது குழாய் நிறைந்திருக்கும்போது மட்டுமே லோகன். வடிந்தபின் பந்து அடியில் கிடக்கும், கொசு வருவதும் அப்போதுதான்.

கல்யாணி_சிப்புட்

பந்து இல்லாமல் தொடங்குகிறேன். ரெடியூசரை ஒட்டாமல் ரப்பர் இணைப்பால் பொருத்திவிட்டால் பிறகு வேண்டுமானால் பந்தைப் போட்டுக்கொள்ள முடியும் அல்லவா?

பட்டறை_இராமு

முடியும். இரும்புப் பட்டையை அந்த இணைப்புக்கு ஒட்டிக் கீழே வையுங்கள், இல்லையென்றால் 30 கிலோ எடை அதை உருவிவிடும்.